கொடுப்பதற்காகத் தேற்றிய உடம்பு

எங்கள் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரம் இருந்தது. அது அப்பாவுக்கு என்று வாங்கியது. ஆனால் எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்படியொரு சாமான் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. வருகிறவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, பற்றீஸைக் கடித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். "என்ரையையும் ஒருக்காப் பாருங்கோவன்." எண் குறைவாக வந்தவர் பெருமையாகச் சுற்றிப் பார்ப்பார். கூடுதலாக வந்தவர் இயந்திரத்தைக் குறை சொல்வார். அமைதியாக உட்கார்ந்து, கதைக்காமல் இருந்துதான் பார்க்க வேண்டும் என்று நான் தொண்டை கிழியச் சொன்னாலும் ஒருவர் காதிலும் ஏறாது.

அப்பாவின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து போனதற்குக் காரணமே இந்தப் பிரஷர்தான். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடம், பிறகு ஒஸ்லோவில் இரவில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. அங்கே பியோர்ண்டாலில் நாங்கள் இருந்த காலத்திலேயே வைத்தியர் பிரஷர் கூடுதல் என்று சொல்லிக் குளிசை கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாள் போட்டார். பிறகு விட்டுவிட்டார். தலையிடி இல்லை, நெஞ்சு நோ இல்லை, ஒன்றும் செய்யவில்லை, பிறகு என்னத்துக்குக் குளிசை என்பது அவருடைய வாதம். ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி, மேல்தளத்தில் அப்பாவும் அம்மாவும் தம்பியும் கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும் பிள்ளையும் குடிவந்த பிறகுதான் கால் வீங்கத் தொடங்கியது. அதற்குள் காரியம் கைமீறியிருந்தது.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார். வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது, உப்பு கூடாது. நான் அவரோடு போய் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பேன். சிறுவர் பாடசாலையில் வேலை செய்துகொண்டு, பஸ்ஸைப் பிடித்து, அரைவாசிச் சாப்பாட்டோடு ஓடி, மூச்சு வாங்க வாங்க, "சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகிறது" என்பதை நொர்வீஜிய மொழியில் நாகரிகமாகச் சொல்ல முயன்ற காலம் அது. ஓரிடத்தில் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. இருந்தால் யோசனை வரும்.

வீட்டில் யாராவது ஒருவர் சிறுநீரகம் கொடுக்கலாம் என்றார்கள். அம்மாவின் ரத்த வகை பொருந்தவில்லை. எனக்குப் பிள்ளை வயிற்றிலிருந்த காலத்தில் வந்த சர்க்கரை வியாதி போகாமலே தங்கிவிட்டது, ஆகையால் என்னைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டார்கள். மிஞ்சியது தம்பி. இருபத்தைந்து வயது தாண்டியவன், மின்வேலை செய்பவன், ரத்தம் பொருந்தியது. அவனை ஒருவரும் கேட்கக்கூட இல்லை. "நான் குடுக்கிறன்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அம்மா சுவாமிப் படத்தடிக்கு ஓடினார். அப்பா தன் தட்டில் இருந்த உப்பில்லாத மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

செய்தி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் அப்பாவைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்கள். அவன் அப்போது மெலிந்தவன். சேர்ட் போட்டால் கொடியில் காயப்போட்டது போல இருக்கும்.

"உவனே குடுக்கப் போறான்? ஈர்க்குக்குச்சி மாதிரி இருக்கிறான்" என்றார் அப்பாவோடு ஒரே காலத்தில் நோர்வேக்கு வந்த மாமா ஒருவர். "ஒண்டை எடுத்தால் மற்றப் பக்கம் சரிஞ்சு விழுந்திடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையே பச்சை முட்டையும் நல்லெண்ணெயுமாக அவன் முன்னால் நின்றார். மாலையில் உழுத்தங்களி. சனி ஞாயிறு என்றால் ஆட்டெலும்பு ரசம்.

"இதென்னம்மா, வயசுக்கு வந்து சாமத்தியப்பட்ட பொம்பிளைப்பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரிக் குடுக்கிறியள்?" என்று நான் கேட்டேன்.

"நீ சும்மா இரு. ஆஸ்பத்திரிக்காரர் பெலமான ஆளிட்டைத்தான் எடுப்பினம். உடம்பைத் தேத்த வேணும்."

ஆஸ்பத்திரிக்காரர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கொடுப்பவர் நோயில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அதை மொழிபெயர்த்தவளே நான்தான். ஆனால் எங்கள் ஆட்களின் காதில் ஆரோக்கியம் என்ற சொல் கொழுத்த கன்னமாகவும் திரண்ட தோளாகவும்தான் போய் விழும். மருத்துவமனைப் பரிசோதனைகள் தொடங்கச் சில மாதம் இருந்தது. அதற்குள் மகனை ஒரு ஆளாக்கிக் காட்ட வேண்டும் என்று வீடே வரிந்து கட்டிக்கொண்டு நின்றது. தம்பி ஜிம்மில் சேர்ந்தான்.

அது நகரத்தில், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் இருந்தது. ஒருமுறை அவனைக் கூட்டிவரப் போனேன். ரப்பர் மணமும் வியர்வை மணமும், இரும்பு விழுகிற சத்தமும். கழுத்தே இல்லாத ஆண்கள் கண்ணாடியைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

உடம்பு வந்தது. வேகமாக வந்தது. சமையலறை அலுமாரியில் முதலில் தசையேற்றும் தூள் ஒன்று பெரிய வெள்ளை டின்னில் வந்தது. கிரியாட்டின். "உது இறைச்சியிலையும் மீனிலையும் இருக்கிற சாமான்தான் அக்கா, பயப்பிடாதை" என்றான். பிறகு ஒரு செந்நிறத் தூள், இணையத்தில் எங்கோ வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தது. பயிற்சிக்குப் போவதற்கு முன் தண்ணீரில் கலக்கிக் குடிப்பான். குடித்தால் முகம் குறுகுறுக்கும், காது சூடாகும், காலை ஆட்டிக்கொண்டே இருப்பான். டின்னில் எழுதியிருந்ததில் எனக்கு விளங்கியது கஃபீன் என்ற சொல் மட்டும். அதற்குக் கீழே வாயில் நுழையாத பெயர்கள் வரிசையாக இருந்தன.

இலையுதிர் காலம் முடிவதற்குள் தம்பியின் சேர்ட்டுகள் ஒன்றும் கொள்ளவில்லை. வந்தவர்கள் கையை அமர்த்திப் பார்த்தார்கள். ஈர்க்குக்குச்சி என்று சொன்ன அதே மாமா, "இப்பதானே ஆம்பிளை மாதிரி இருக்கிறாய்" என்று முதுகில் தட்டினார். அம்மா யாருடைய கண்ணாவது பட்டுவிடும் என்று மிளகாய் சுற்றிப் போட்டார். புகையறிவிப்புக் கருவி அலறி, நாங்கள் துவாயை வீசி வீசி அதை நிறுத்தினோம்.

அன்றைக்கே, வந்தவர்கள் எல்லோரும் கை நீட்டி முடிந்ததும், யாரோ தம்பியின் கையையும் இயந்திரத்தில் வைக்கச் சொன்னார்கள். பட்டி அவன் புயத்தைச் சுற்றி வரவே இல்லை. இழுத்து ஒட்டினேன். காற்றேறும்போதே பிரிந்தது. பிடித்துக்கொண்டேன். நூற்று எழுபதுக்கும் மேல் காட்டியது.

"பட்டி சின்னன்" என்றான் தம்பி.

"ஓம், பட்டிதான் சின்னன்" என்றார்கள் எல்லோரும். அப்பா மட்டும் எண் அணையும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியைப் பற்றி அவன் சொன்னது பொய்யில்லை. மருத்துவமனையில் முதல் பரிசோதனைக்குப் போனபோது தாதி அவன் புயத்தை நாடாவால் அளந்து, சிரித்துக்கொண்டே ஒரு பெரிய பட்டியை எடுத்து வந்தார். தடித்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் இருப்பதைவிடக் கூடத்தான் காட்டும் என்றார். நானும் தம்பியும் ஒருவரையொருவர் வெற்றியோடு பார்த்துக்கொண்டோம். பெரிய பட்டி கட்டி, கால் மணிநேரம் பேசாமல் இருத்தி, திரும்பத் திரும்பப் பார்த்தார். எண் குறைந்தது. ஆனாலும் நூற்று அறுபதுக்குக் கீழே வரவில்லை.

இன்னொரு குண்டும் அன்றைக்கே விழுந்தது. ரத்தத்தில் ‘கிரியாட்டினின்’ அளவு கூடியிருந்தது; டின்னில் இருந்த கிரியாட்டின் அல்ல, பெயர் ஒத்த இன்னொன்று. அப்பாவின் நோயால் எங்கள் வீட்டில் அந்தச் சொல் எல்லோருக்கும் பழக்கம். கிட்னி வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு அது. மகனுக்கும் ஏறிவிட்டது என்று அம்மா நிலத்தில் குந்திவிட்டார்.

கிட்னி வைத்தியர் ஒரு பெண், அவசரப்படாத ஆள். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வெவ்வேறு வைத்தியர் என்பது அங்கே ஒழுங்கு. இவர் தம்பிக்கு மட்டுமான வைத்தியர். "கிரியாட்டின் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார். தம்பி ஓமென்றான். அவர் விளக்கினார்: கிரியாட்டின் உடைந்துதான் கிரியாட்டினின் வருகிறது. தூளாக அள்ளிச் சாப்பிடுகிறவனுக்கும் தசை பெருத்தவனுக்கும் கிட்னி நல்லாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். தூளை நிறுத்திவிட்டு வா, தசையோடு தொடர்பில்லாத இன்னொரு ரத்தப் பரிசோதனையும் செய்வோம். அந்தச் செந்நிறத் தூளையும் நிறுத்து, அது இதயத்தை விரட்டிப் பிரஷரை ஏற்றும், அதுவும் என்ன கலந்திருக்கிறார்கள் என்று தெரியாத தூள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெள்ளை டின்னைக் கவிழ்த்துக் கொட்டினார். உண்மையில் அந்த இரண்டு டின்களில் பாவம் குறைந்தது அதுதான். கிரியாட்டின் சோதனையைக் குழப்புமே தவிர, பிரஷரை அப்படி ஏற்றுவதில்லை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நானும் சொன்னேன். அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு எதிரி கிடைத்துவிட்டது. செந்நிறத் தூளை நான் கொட்டினேன். கழிவறைத் தண்ணீர் இளஞ்சிவப்பாகிப் போனது.

சில வாரங்களில் மறுபரிசோதனை. கிரியாட்டினின் இறங்கியிருந்தது. மற்றப் பரிசோதனையும் நல்லது. கிட்னிகள் தங்கம் என்றார் வைத்தியர். அன்றைக்கு அம்மா பாயாசம் வைத்தார். அப்பாவுக்கு ஒரு கரண்டி மட்டும், அதை அவர் நக்கி நக்கிச் சாப்பிட்டார். செந்நிறத் தூளை நிறுத்தியதால் தம்பியின் நாடித்துடிப்பும் அடங்கியிருந்தது. பிரஷரும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கொஞ்சம்தான்.

ஒரு நாள் முழுக்கப் பிரஷரை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். அரை மணிக்கொருமுறை அவன் இடுப்பில் அது முனகும். தூங்கும்போது இறங்க வேண்டிய எண் அவனுக்கு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. பட்டி பெரிதாகிவிட்டது, தூள் இரண்டும் போய்விட்டது, இன்னும் ஏன்? உப்புத்தான் என்று நினைத்தேன். சமையலறைக்குள் பொலிஸ் மாதிரிப் புகுந்தேன். கருவாடு போனது, ஊறுகாய் போனது, அப்பாவின் சப்பைச் சாப்பாட்டையே எல்லோரும் சாப்பிட்டோம். என் கணவர் வேலைவிட்டு வரும் வழியில் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்து பசியில்லை என்று சொன்னார், வாயில் வெங்காய மணத்தோடு. அம்மா ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, "அப்பாவின்ரை குளிசையிலை ஒண்டைப் போட்டுக்கொண்டு போகட்டுமே? அண்டைக்கு மட்டும் குறைச்சுக் காட்டினால் காணுமெல்லோ" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே அம்மா? வைத்தியரை ஏமாத்தி கிட்னியை எடுத்தால், பிறகு இவன் மிச்ச ஒண்டோடை என்ன செய்யிறது?"

கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா முகம் கறுத்துப் போனார். அந்தக் கேள்வியை அதுவரை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பது கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது.

தம்பியும் மாறியிருந்தான். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறினான். குளித்துவிட்டு வரும்போது பார்த்தேன், முதுகு முழுக்கப் பருக்கள், பதினாறு வயதில்கூட அவனுக்கு அப்படி வந்ததில்லை. என்னடா இது என்றால் வியர்வை என்பான். அறைக் கதவைப் பூட்டத் தொடங்கியிருந்தான். காதலி யாராவது இருக்கிறாளோ என்று நான் மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அடுத்த சந்திப்புக்கு நான் அவனோடு போனேன். அவனுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை, என்னைவிட அவன் நொர்வீஜிய மொழி நன்றாகப் பேசுவான். வீட்டில் இருக்க முடியாமல்தான் போனேன். வைத்தியர் கணினியைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். சிவப்பணுக்கள் கூடி ரத்தம் தடித்திருக்கிறது. நல்ல கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. விரைகளுக்கு வேலை செய் என்று மூளை அனுப்புகிற ஹார்மோன் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. பிறகு கணினியை விட்டுத் திரும்பினார்.

"உன் அக்கா கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் நல்லது."

நான் தாழ்வாரத்தில் நடந்தேன். தண்ணீர் இயந்திரத்தில் தண்ணீர் எடுத்தேன், குடிக்காமல் கீழே வைத்தேன், திரும்ப எடுத்தேன். எதிர்ச்சுவரில் சிறுநீரகத்தின் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவன் வெளியே வந்து, எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தான். பஸ் தரிப்பிடத்தில் சேற்றுப் பனிக்குள் நின்றுகொண்டுதான் கதைத்தான், என்னைப் பார்க்காமல்.

"நான் ஊசி போடுறனான் அக்கா."

போதைப்பொருள் என்று நினைத்து அவன் கோட்டுக் கையை உயர்த்தப் பார்த்தேன்.

"அது இல்லை. டெஸ்டோஸ்டெரோன், ஆம்பிளை ஹார்மோன். ஜிம்மிலை ஒருத்தன் தாறவன். துடையிலை போடுறது."

"எப்ப தொட்டு?"

"முதல் மாதம் போய் ரண்டு கிலோ கூட ஏறேல்லை. சோதனைக்கு நாள் வருது. ஆஸ்பத்திரிக்காரர் காணாது எண்டால் அப்பா என்ன செய்வார்? நான் காணாது எண்டுதானே எல்லாரும் சொன்னவை."

"அதுக்கு?"

"கிட்னிக்குக் கூடாதது கிரியாட்டின்தான், சோதனைக்கு முதல் அதை நிப்பாட்டினால் சரி எண்டு அங்கை எல்லாரும் சொன்னவங்கள். இது உடம்பிலை தானாகச் சுரக்கிற சாமான்தானே எண்டு நினைச்சன். பிரஷரைப் பற்றி ஒருத்தனும் சொல்லேல்லை. அங்கை ஒருத்தனும் பிரஷர் பாக்கிறதில்லை."

அறைய வேண்டும் போல இருந்தது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நாங்கள் போக வேண்டிய பஸ் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் அதில் ஏறவில்லை.

"வைத்தியர் என்ன சொன்னவ?"

"தான் பொலிஸ் இல்லை எண்டவ. நான் சொன்னதை வீட்டை ஒருத்தருக்கும் சொல்லமாட்டா. இப்பவே நிப்பாட்டச் சொன்னவ. அந்த ஊசியாலை உடம்பு உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்குதாம், ரத்தக்குழாய் இறுகுதாம், இதயத்தையும் அது தடிக்கப் பண்ணுமாம். ஹார்மோன் டொக்டரிட்டை அனுப்புறா. நிப்பாட்டினால் கொஞ்ச மாதம் மனசும் உடம்பும் விழும், தனியச் சமாளிக்காதை, வந்து சொல்லு எண்டவ."

சொன்னபடியே விழுந்தான். வெளியிலிருந்து போட்டதால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்து தூங்கிவிட்டிருந்தது. அது எழும்ப மாதக்கணக்காயிற்று. வேலைக்குப் போய் வந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். தோள் வற்றியது. பிரஷருக்குக் குளிசை கொடுத்தார்கள், நான் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தேன். இதயத்தை ஒலியலையால் பார்த்தபோது இடது பக்கச் சுவர் தடித்திருந்தது. திரும்ப மெலியக்கூடும் என்றார்கள், கூடும் என்றுதான் சொன்னார்கள். நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். மாடிப்படியில் ஏறுவேன், அவன் அறை வாசலில் மூச்சுச் சத்தம் கேட்பேன், இறங்குவேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு டயாலிசிஸுக்குப் பிறகும் அந்த முகம் மஞ்சளாக, சின்னதாக வந்துகொண்டிருந்தது. சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. தம்பிமேல் இரக்கமும் கோபமும் மாறி மாறி வந்தன, சில சமயம் ஒரே நிமிடத்தில்.

வசந்த காலத்தில் முடிவு சொன்னார்கள். எண் இறங்கியிருந்தது, ஆனால் குளிசையோடுதான். இந்த வயதில் பிரஷர் உள்ளவனை ஒற்றைச் சிறுநீரகத்தோடு விட முடியாது. இப்போதைக்கு இல்லை. ஒரு வருடம் போகட்டும், குளிசை இல்லாமல் எண் நின்றால், இதயமும் சரியானால், திரும்பப் பார்க்கலாம். அப்பாவின் வைத்தியர் அப்பாவிடம், உங்கள் மகன் பொருத்தமானவர் அல்ல என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. அந்த ஒரு வரியை நான்தான் மொழிபெயர்த்தேன். இறந்தவர்கள் கொடுக்கும் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் அப்பாவைச் சேர்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேலே போனபோது, அடுப்பில் உளுந்து வறுபடும் மணம். அம்மா உழுத்தங்களி கிண்டிக்கொண்டிருந்தார். நல்லெண்ணெய்ப் போத்தல் மேசைக்கு வந்துவிட்டிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா, கிண்டுவதை நிறுத்தாமல். "பிள்ளை வத்திப்போனான். அதுதான் வேண்டாமெண்டிட்டாங்கள். ஒரு வருஷம் கிடக்குத்தானே, திரும்பத் தேத்தலாம். உந்த மாமாவும் போன் எடுத்தவர். நல்ல ஜிம் ஒண்டு லோறென்ஸ்கூக்கிலேயே இருக்காம்."

தம்பி மேசையில் இருந்தான். அம்மா களியை அவன் முன்னால் வைத்தார், நடுவில் குழி பறித்து எண்ணெய் விட்டார். அவன் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"அம்மா, நான் மெலிஞ்சதாலை இல்லை. பெருத்ததாலைதான்."

எல்லாவற்றையும் சொன்னான். ஊசி, துடை, ஜிம்மில் இருந்தவன், ரத்தம், இதயச் சுவர். நான் ஒரு சொல்லும் உதவவில்லை, மொழிபெயர்க்கவும் ஒன்றும் இருக்கவில்லை. அம்மா அகப்பையைப் பிடித்தபடியே நின்றார். நடுவில் ஒரே ஒரு தரம், "நான் முட்டைதானே தந்தனான்" என்றார், யாருக்கோ சொல்வது போல.

அப்பா எழும்பிப் போகவில்லை. சத்தம் போடவும் இல்லை. "எவ்வளவு காட்டினது?" என்று கேட்டார்.

"எது?"

"பிரஷர். ஆஸ்பத்திரியிலை, முதல் நாள், பெரிய பட்டியிலை."

தம்பி சொன்னான்.

அப்பா தலையாட்டினார். "எனக்கும் பியோர்ண்டாலிலை அவ்வளவுதான் காட்டினது. ஒரு நோவும் இல்லை. மாடுமாதிரி வேலை செய்தன்." ஐஸ் கட்டி ஒன்று அவர் வாயில் உருண்டது. அதை விழுங்கிவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். "எனக்குக் கிட்னி தாறதெண்டு போய் என்ரை வருத்தத்தையே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய், என்ன தம்பி?"

அந்தச் சொல்லில் கோபம் இருந்திருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். தம்பி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அத்தனை மாதமும் நான் ஓடித் திரிந்து தள்ளி வைத்த அழுகை எனக்கும் அப்போதுதான் வந்தது.

"இனி ஒரு வருஷம் கழிச்சும் வேண்டாம்" என்றார் அப்பா. "அவை ஓம் எண்டாலும் நான் வாங்க மாட்டன். உனக்கு ரண்டும் வேணும்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு இயந்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார். வழக்கமாக அதில் முதலில் ஏறுவது அவர் கைதான், டயாலிசிஸ் ஊசி ஏறாத வலது கை. அன்றைக்கு அவர் தன் சேர்ட் கையை மடிக்கவில்லை.

"முதல் அவன்ரை கை."

நான் பட்டியைச் சுற்றினேன். தோள் வற்றியிருந்ததால் இப்போது பழைய பட்டியே பொருந்தியது. ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முறையாக ஒருவருடைய பிரஷரை ஒழுங்காக, அமைதியாக இருந்து பார்த்தோம். அப்பா முன்னுக்குச் சாய்ந்து, டயாலிசிஸ் ஊசி ஏறும் இடது கையால் மகனின் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, எண் ஏறி இறங்கி நிற்கும் வரைக்கும் காத்திருந்தார்.